எறும்பும் தன் கையால் எண் சாண்: பழைய புத்தகத்தில் கிடைத்த ஒரு வரியைத் தேடிப்போன கதை

முதலாண்டு இயற்பியலுக்காக ஒரு பழைய பாடநூல் வாங்கினேன். அட்டை கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது, உள்ளே பக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அலகுகளும் அளவீடுகளும் என்ற முதல் பாடத்தில், ஒரு பக்கத்தின் வலது ஓரத்தில், புத்தகத்தைக் குறுக்கே திருப்பி வைத்து எழுதியதுபோல மேலிருந்து கீழாக ஒரு வரி: "எறும்பும் தன் கையால் எண் சாண்." கறுப்பு மை, நிதானமான கையெழுத்து, அடியில் பெயர் கிடையாது. அந்த வரி யார் எழுதியது என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் செலவழித்தேன். அதில் பாதிக்கு மேல் வீண். நடுவில் ஒரு உள்தேர்வில் மதிப்பெண் போயிற்று, அதே செட்டில் எனக்குத் தேவையில்லாத இரண்டு புத்தகங்களை வாங்கியதில் முதல் புத்தகத்துக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு பணமும் போயிற்று. ஒருவரைச் சங்கடப்படுத்தியும் விட்டேன். இன்னொருவர் இப்படித் தேட இறங்கினால் அவருக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தவறு தொடக்கத்திலேயே நடந்தது. "யார் எழுதியது" என்று நான் கேட்டபோது உண்மையில் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியம் யாருடையது என்பது ஒன்று. இதை இந்தப் புத்தகத்தில் எழுதிய கை யாருடையது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை நூல்களில் இருக்கும், இரண்டாவதற்குக் காகிதத்தில்தான் இருக்கும். நானோ காகிதத்தில் பார்க்க வேண்டியதை இணையத்தில் தேடினேன், நூலில் தேட வேண்டியதற்குக் கையெழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் முழுக்க இப்படியே போயிற்று. தேடத் தொடங்கும்போதே ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, கிடைப்பதையெல்லாம் அந்தந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் அந்த வாரம் மிச்சமாகியிருக்கும்.

வாக்கியத்தின் கதையை முதலில் சொல்கிறேன். சின்ன வரி, ஓசை கச்சிதமாக இருக்கிறது, அதனால் குறளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். குறள் பதிப்பின் பின்னால் இருக்கும் செய்யுள் முதற்குறிப்பு அகராதியில் "எறு" என்ற இடத்தைப் பார்த்தேன், இல்லை. மூதுரை, நல்வழி என்று கையில் கிடைத்த நூல்களிலும் பின்பக்கத்தைத்தான் புரட்டினேன். அங்கும் இல்லை. இந்த அகராதிகள் பாட்டின் முதல் சொல்லை வைத்து அடுக்கப்பட்டவை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உங்களிடம் இருப்பது பாட்டின் கடைசி வரியாக இருந்தால் எத்தனை முதற்குறிப்பு அகராதி பார்த்தாலும் கிடைக்காது.

அது கடைசி வரி என்பதைக் கண்டுபிடித்தது தமிழ் இலக்கியம் படிக்கும் என் தோழி. வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். பிறகு சொற்களைச் சேர்த்து, "எறும்புந்தன் கையாலெண் சாண்" என்று மறுபடி படித்தாள். "மூன்றே சீர், கடைசிச் சீர் நாள் மாதிரி ஓரசை. வெண்பாவோட ஈற்றடி இப்படித்தான் இருக்கும்" என்றாள். பள்ளியில் நானும் அதைப் படித்தவன்தான். நாள், மலர், காசு, பிறப்பு என்று மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது ஒரு வரி எங்கிருந்து உடைந்து வந்தது என்று சொல்லும் கருவி என்பது அன்றுதான் தெரிந்தது. வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மட்டும் மூன்று. ஆகவே இதற்கு மேலே குறைந்தது ஒரு அடியாவது இருக்க வேண்டும். குறளாக இருந்தால் ஒன்று, நாலடி வெண்பாவாக இருந்தால் மூன்று. எதுகையும் வழி காட்டும் என்றாள். கடைசி அடி "எறும்" என்று தொடங்குவதால், அதற்கு முந்தின அடியும் இரண்டாம் எழுத்தில் "று" வரும்படி தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் தேடலையே முடித்து வைத்தது. புத்தக ஓரத்தில் எழுதியவர் இன்று நாம் பேசுகிறபடி சொற்களைப் பிரித்து எழுதியிருக்கிறார். பழைய பதிப்புகளில் சந்தி சேர்ந்து இருக்கும். "எறும்பும் தன்" என்பது "எறும்புந்தன்" ஆகும், "கையால் எண்" என்பது "கையாலெண்" ஆகும். பிரித்த வடிவத்தை மட்டும் இணையத்தில் தேடினால் பழமொழித் தொகுப்புகளில் கொண்டுபோய் விடுகிறது, பாட்டு வருவதில்லை. நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டு நின்றது அங்கேதான். சேர்த்து எழுதித் தேடியதும் பத்து நிமிடத்தில் பாட்டு வந்தது:

கற்றதுகைம் மண்ணளவு கல்லா துலகளவென்
றுற்ற கலைமடந்தை ஓதுகிறாள் - மெத்த
வெறும்பந் தயம்கூற வேண்டாம் புலவீர்
எறும்புந்தன் கையாலெண் சாண்

பார்த்தவுடன் உடம்பு சிலிர்த்தது. "கற்றது கைமண்ணளவு, கல்லாதது உலகளவு" என்று நாம் சொல்லாத நாள் உண்டா? அதே பாட்டின் வால்தான் என் புத்தக ஓரத்தில் இருந்திருக்கிறது. தோழி சொன்னபடி மூன்றாம் அடி "வெறும்" என்றுதான் தொடங்குகிறது. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் இது. வழங்கும் என்று கவனமாகச் சொல்கிறேன். தனிப்பாடல்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவும் ஏடுகளிலும் சிதறிக் கிடந்து, பின்னால் திரட்டித் தொகுக்கப்பட்டவை. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தார்கள் என்பதும் அறிஞர்கள் கருத்து. எனவே "ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல்" என்று எழுதினால் சரி. ஔவையார் இன்ன ஆண்டில் இன்ன ஊரில் எழுதினார் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எதில் பார்த்தார் என்று கேளுங்கள்.

பாட்டு கிடைத்ததும் புதுக் குழப்பம் வந்தது. முழுப் பாட்டில் அந்த வரி ஒரு கண்டிப்பு. கலைமகளே இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறாள், புலவர்களே, வெறும் பந்தயம் பேசாதீர்கள், எறும்புகூடத் தன் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான் என்று செருக்கைத் தட்டுகிறது. வரியைத் தனியே எடுத்துப் பழமொழியாகச் சொல்லும்போது அதுவே ஆறுதலாகிவிடுகிறது. எறும்பும் அதன் அளவில் முழு உயரம்தான், யாரும் யாருக்கும் குட்டையில்லை. புத்தகத்தில் எழுதியவர் இதில் எதை நினைத்து எழுதியிருப்பார்? கண்டிப்பா, ஆறுதலா?

விடைக்கு அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்ததைப் படிக்க வேண்டியிருந்தது. அத்தனை நாளும் ஓரத்தையே பார்த்த நான் பாடத்தைப் படிக்கவே இல்லை. ஓர் அளவை எழுத எண்மதிப்பும் அலகும் வேண்டும், அலகு சிறியதானால் எண் பெரியதாகும், n₁u₁ = n₂u₂ என்று விளக்கும் பக்கம் அது. ஒரு நூலை எடுத்து என் உயரத்தையும் சாணையும் அளந்தேன். உயரம் 164 செ.மீ., கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனிவரை 20 செ.மீ., வகுத்தால் 8.2. அறைத் தோழனின் சாண் 23 செ.மீ. அவன் கையால் என்னை அளந்தால் ஏழு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். "தன் கையால்" என்ற சொல் அந்த வரியில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அப்போது புரிந்தது. எறும்பின் உடலும் சிறியது, அதன் கையும் சிறியது, விகிதம் மட்டும் மாறாமல் நிற்கிறது. எந்த அலகு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எறும்பும் மனிதனும் ஒரே உயரம். அந்தப் பக்கத்தின் பாடத்தையே ஒரு வரியில் சொன்னதுபோல இருந்தது. இப்போது கண்டிப்பு, ஆறுதல், இயற்பியல் என்று மூன்று பொருள் கையில் இருந்தது.

இனி கையெழுத்தின் கதை. இதில்தான் எனக்கு வெட்கப்பட வேண்டியவை இருக்கின்றன. முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒரு பெண்ணின் பெயர் அடிக்கப்பட்டு, அதன்கீழ் ஓர் ஆணின் பெயர் வகுப்பு எண்ணோடு இருந்தது. அடிக்காத பெயர்தான் எழுதியவர் என்று நானாக முடிவு கட்டினேன். எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பெயரில் சமூக ஊடகத்தில் ஒருவரைப் பிடித்து, புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து, பெயரும் எண்ணும் தெரியும்படி பொதுவில் போட்டு, இது நீங்களா என்று கேட்டேன். அவர் வேறு ஆள். அவருடைய நண்பர்கள் விளையாட்டாக அதைப் பகிர, அவர் கோபமாக எழுதி எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் புத்தகத்தின் உண்மையான சொந்தக்காரரின் பெயரும் எண்ணும் ஒன்றரை நாள் ஊர் பார்க்க அங்கே கிடந்தன, அதைத் திரும்ப எடுக்க முடியாது. படம் போடுவதானால் அந்த வரியை மட்டும் வெட்டிப் போடுங்கள். ஒருவர் புத்தகத்தில் பெயர் எழுதியது புத்தகம் தொலையாமல் இருப்பதற்காக.

அதே வாரத்தில் புத்தகக்காரரிடம் போய், அதே பெயர் எழுதிய இன்னும் இரண்டு புத்தகங்களை வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்து கிடைக்கும் என்ற ஆசை. இரண்டிலும் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. வாங்கும் முன் நின்றபடியே புரட்டிப் பார்த்திருக்கலாம், அந்த அவசரத்தில் அதைக்கூடச் செய்யவில்லை.

இன்னொரு தவறு, இதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. மை எப்படிப்பட்டது என்று பார்க்க விரலை ஈரமாக்கி "சாண்" என்ற சொல்லின் ஓரத்தில் தொட்டேன். ணகரத்தின் கடைசிச் சுழி கலைந்து சாம்பல் நிறத் திட்டாகிவிட்டது. தொட்டே தீர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, ஏனென்றால் அந்தத் தகவல் ஏற்கெனவே பக்கத்திலேயே இருந்தது. அறைத் தோழன்தான் காட்டினான். அந்த வரியின் முதல் இரண்டு எழுத்துகள், பாடத்தில் மஞ்சள் ஹைலைட்டர் போட்ட இடத்தோடு உரசிப் போகின்றன. அங்கே கறுப்பு மை மஞ்சளுக்குள் இழுபட்டு, கோடு போன திசையிலேயே ஒரு நிழல் போல நீண்டிருந்தது. மை காய்ந்த பிறகு ஹைலைட்டரின் ஈரம் அதன்மேல் போனால்தான் அப்படி இழுபடும். மஞ்சள் முதலில் காய்ந்து அதன்மேல் எழுதியிருந்தால் கறுப்பு விளிம்பு கூர்மையாக நின்றிருக்கும். ஆக, வரி முந்தியது, ஹைலைட்டர் பிந்தியது. புத்தகம் முழுக்க ஹைலைட்டர் போட்ட இடங்களில் ஓரக் குறிப்பு எழுதியிருந்த நீலப் பேனாவின் கையெழுத்து, இரண்டாவது பெயரின் கையெழுத்தேதான். அப்படியானால் வரியை எழுதியது அவர் அல்ல. நான் தொல்லை கொடுத்தது ஆள் மாறி மட்டுமில்லை, தேடிய பெயரே தவறு. இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரண்டு மைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும்தான் இது பேசும், அதுவும் மை நீரில் கரையும் வகையாக இருந்தால்தான். இரண்டுமே பால்பாயின்ட் பேனாக் கோடுகளாக இருந்தால் எது மேலே எது கீழே என்று வெறுங்கண்ணால் சொல்ல முயலாமல் இருப்பதே நல்லது.

சரி, முதல் சொந்தக்காரியா? அதையும் உடனே நம்பவில்லை, ஒருமுறை பட்டது போதும் என்று இருந்தது. பெயரில் இருப்பது நான்கே எழுத்து, ஒப்பிட அது போதாது. வேறு பக்கங்களில் அதே கறுப்பு மைக் குறிப்புகளைத் தேடினேன், இரண்டு கிடைத்தன. ஒன்று, ஒரு கணக்கின் பக்கத்தில், "விடை சரி. அலகு இல்லை." அதில் "விடை" சாதாரணமாக இருக்க, "இல்லை"யில் இருந்த "லை" மட்டும் பழைய முறையில், லகரத்தின் மேல் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு இருந்தது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் முன்பு அப்படித்தான் எழுதினார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் பாடநூல்களில் இன்றைய வடிவம் வந்தது. என் புத்தகமோ 2009 மறு அச்சு, அந்த ஆண்டுக்கு முன்னால் யாரும் அதில் எழுதியிருக்க முடியாது. 2009-க்குப் பிறகு கல்லூரியில் படித்த ஒருவர் துதிக்கைக் கொம்பு போடுவது அபூர்வம். பெற்றோரிடம் பார்த்துப் பழகியவர்கள் உண்டு என்பதால் இதை முடிவான சாட்சியாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும், திருத்தும் குரலும் பழைய எழுத்தும் சேர்ந்து, இது மாணவியின் கை அல்ல, அவருக்குப் பாடம் சொன்ன வயதான ஒருவரின் கை என்று எனக்குத் தோன்றியது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் பக்கத்துக்கு மேலே பிடிக்காமல் காகிதத்தோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்தேன். நேர் ஒளியில் தெரியாத பள்ளங்கள் சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து தெரியும், காகிதத்துக்கு எந்தக் கேடும் இல்லை. வரிக்குக் கீழே, அழித்துப்போன பென்சில் எழுத்து மெல்ல எழுந்து வந்தது. 152 ÷ 19 = 8. யாரோ அளந்திருக்கிறார்கள்.

இந்த முறை நானாகப் போய்க் கதவைத் தட்டவில்லை. புத்தகக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, புத்தகக் கட்டைக் கொடுத்தவர்களின் எண் அவரிடம் இருந்தால் எனக்குத் தர வேண்டாம், என் எண்ணையும் இந்தச் சீட்டையும் அவர்களுக்குச் சேர்த்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். சீட்டில் நான்கு வரிதான். நான் யார், எந்தப் புத்தகம், எந்த வரி, பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் பரவாயில்லை. ஆறு நாள் கழித்து, நான் உள்தேர்வில் கோட்டைவிட்ட மறுநாள், போன் வந்தது. அடிக்கப்பட்ட பெயர்க்காரர்தான். தம்பியின் கைக்குப் போன புத்தகம் அப்படியே பழைய புத்தகங்களோடு போய்விட்டதாம்.

"அது எங்க தாத்தா எழுத்து. இப்ப அவர் இல்லை" என்றார். ஆசிரியராக இருந்தாரா என்று கேட்டேன். இல்லையாம், கணக்கு எழுதும் வேலை. கல்லூரியின் முதல் தேர்வில் தோற்றுவிட்டு அழுதுகொண்டு வந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாராம். அப்படியானால் ஆறுதலுக்காகத்தான் என்று நான் சொன்னேன். "எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அலகு போடாம விட்டதுக்கும் அன்னைக்குத்தான் திட்டினார்" என்றார். மேலே மூன்று அடி உண்டு என்று சொல்லி முழுப் பாட்டையும் படித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மேல் அடிகள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "அவருக்குத் தெரியாம இருக்காது தம்பி. எனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதியிருப்பார்" என்றார்.

ணகரத்தைக் கலைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்றார். அந்தப் பாடத்தை நகல் எடுத்துக்கொண்டு புத்தகத்தை அவருக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறார். போனை வைக்கும் முன் திடீரென்று, "நீங்க அளந்து பார்த்தீங்களா? எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார்.

"எட்டுக்குக் கொஞ்சம் கூட வந்துச்சு அக்கா."

"எனக்கு அன்னைக்குச் சரியா எட்டு" என்றார்.